ஏழு நாள் அவகாசம்

திருப்பதியில் எம்.சி.ஏ. கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். எங்கள் லேபில் ஒரே ஒரு யூனிக்ஸ் சர்வர். அதோடு இணைந்த நாற்பது டெர்மினல்கள். ஃபைல்களை வைத்துக்கொள்ள ஒவ்வொருவருடைய ஹோம் டைரக்டரிக்கும் நான்கு எம்.பி. இடம்தான் கோட்டா. அதைத் தாண்டினால், வேண்டாததை அழித்துக் குறைக்க ஏழு நாள் அவகாசம் தருவார்கள். ஒரு வாரமாக லாகின் செய்யும்போதெல்லாம் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வந்தது. நான் படிக்காமலே எண்டரைத் தட்டினேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ப்ராஜெக்டைக் காட்ட வேண்டும். காலையிலிருந்து எடிட்டரில் சேவ் செய்யாமல் திருத்திக்கொண்டிருந்து, பதினொரு மணிக்குச் சேவ் செய்தேன். ‘டிஸ்க் கோட்டா எக்ஸீடட்’ என்றது திரை. பக்கத்து டெர்மினலில் லாகின் செய்து பார்த்தேன். என் ஃபைலின் அளவு பூஜ்யம். நான்கு மாத வேலை!

விஜயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழி, நான் கத்தியதைக் கேட்டு ஓடி வந்து திரையைப் பார்த்தாள்.

“எடிட்டர்லேர்ந்து வெளிய வந்துடாதடீ! கீபோர்ட்ல கைய வெக்காத!”

“ஃபைலே போய்டுச்சுடீ.”

“டிஸ்க்லதான் இல்ல. ஸ்க்ரீன்ல முழுசா இருக்குது பாரு.”

அவளே உட்கார்ந்து, அதை எல்லோருக்கும் பொதுவான, தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் டைரக்டரியில் சேவ் செய்தாள். உடனே ஏற்றுக்கொண்டது. “அது டிஸ்க்ல வேற பார்ட்டிஷன், தனியாப் பிரிச்ச எடம். அங்க கோட்டா கெடயாது.”

பிறகு பக்கத்து டெர்மினலில் என் டைரக்டரியைத் தேடினாள். போன வாரம் என் ப்ரோக்ராம் க்ராஷ் ஆனபோது, அந்த நேரத்து நினைவகத்தின் நகலாகத் தானே விழுந்த ‘கோர்’ என்ற ஃபைல், ஒரு எம்.பி.க்கும் மேல், அங்கேயே கிடந்தது.

“இதால லிமிட்ட தாண்டிட்ட. இன்னிக்கு ஏழு நாள் முடிஞ்சிடுச்சு. இனிமே ஒரு எழுத்துகூட எழுத வுடாது.”

“அப்ப பழைய ஃபைலாவது இருக்கணும் இல்ல?”

“சேவ் பண்ணும்போது மொதல்ல பழசக் காலி பண்ணும், அப்புறம்தான் புதுசு எழுதும். காலி பண்ண வுட்டுச்சு, எழுத வுடல.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏ.சி. அறையின் கதவுக்குப் பின்னால் குளிரில் நின்ற அந்த சர்வர் பெட்டியை அதுவரை டைப்ரைட்டருக்கு அண்ணன் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட இடத்தை எண்ணி வைத்துக்கொண்டு, ஏழு நாள் பொறுத்திருந்து, சொன்னபடியே அது கையை மூடிக்கொண்டது. எங்கள் புரொபசருக்கும் அதே சட்டம்தானாம். டிஸ்க்கில் ஒன்றுமில்லை என்றாகிவிட்ட என் நான்கு மாதம், அதே பெட்டியின் நினைவகத்தில் அலுங்காமல் காத்திருந்தது.

கோர் ஃபைலை அழித்தாள். “இப்ப நீயே சேவ் பண்ணு.”

சேவ் கட்டளையை அடித்து எண்டரை அழுத்தினேன். எத்தனை வரிகள் எழுதப்பட்டன என்று திரையின் அடியில் அமைதியாக வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்கு ப்ராஜெக்ட் ஓடியது. அவள் பிறகு சிங்கப்பூருக்கு சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனாள். நான் சென்னையில் ப்ரோக்ராமர் ஆனேன். திரையில் வரும் எச்சரிக்கைகளை இன்றும் கடைசி எழுத்துவரை படிக்கிறேன்.