வாய்க்கால் மேல் விழுந்த பழி

வெயிலில் அலைந்து வந்தவன் உடனே குளிக்கக் கூடாது, சூடேறிய உடம்பில் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும். இதைச் சொல்லாத வாய் மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. மிருக வைத்தியம் படித்துவிட்டு ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் இந்தப் பேச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆடு மாட்டுக்காரரிடம் எப்படியோ வென்றுவிடுவேன். என் சொந்த அக்காவின் புருஷனிடம்தான் தோற்றுப்போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தான் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது. நான் படித்தது மாட்டு வைத்தியம் என்பது அவருடைய தீர்ப்பு. கலியாண வீடுகளில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது, "இவ எங்கட மாட்டு டொக்டர்" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

அக்காவிடம் ஒரு லேப்ரடோர் இருந்தது. கன்னங்கரேலென்ற ஆண் நாய். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போன பிறகு, அக்கா வாய்விட்டுப் பேசியது அதனோடு மட்டும்தான். "மனே, சாப்பிடுறியா? மனே, மழை வரப்போகுது, உள்ள வா" என்று பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல நாள் முழுக்கப் பேசுவாள். சோறும் மீனும் ஊட்டி ஊட்டி அது பீப்பாய்போல ஆகியிருந்தது. தடுப்பூசிக்கு வந்த அன்று நான் அதன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "உடம்பைக் குறையுங்க. விடியக் காலையில வெயில் ஏறமுதல் கொஞ்சத் தூரம் நடக்கவைங்க" என்று சொன்னேன். நான் சொன்னது இவ்வளவுதான். விடியக் காலை. நடை.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அவருக்கு வவுணதீவுப் பக்கம், வட்டை என்று சொல்லும் வயல்வெளி ஒன்றில் காணி இருக்கிறது. சிறுபோக நெல் வெட்டு நடந்த நாட்கள் அவை. கச்சான் காற்று அனலாக அடிக்கும், பகல் பத்து மணிக்கே தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலில், வட்டைக்குப் போகும் கிரவல் பாதையில், மோட்டார் சைக்கிளில் இவர் முன்னால் போக நாயைப் பின்னால் ஓடவிட்டார். வெட்டு மெசின் பார்க்க நின்ற சனத்துக்கு, தன் நாய் எப்படி ஓடுகிறது என்று காட்ட வேண்டும் அல்லவா? தன்னை நேசிக்கிற மனிதனின் பின்னால் ஓடுகிற நாய், சாகும்வரை ஓடும். நிற்கத் தெரியாது அதற்கு. வயலில் தங்குகிற வாடிக்குப் பக்கத்தில் அது விழுந்தபோதுதான் இவர் திரும்பிப் பார்த்தாராம்.

எனக்குப் போன் வந்தது.

"புள்ள, நாய்க்குக் கடும் காய்ச்சல் போல கிடக்கு. வாயால நுரை தள்ளுது. என்ன குளிசை குடுக்கலாம்?"

"ஓடினதா அத்தான்?"

"கொஞ்சந்தான்."

"குளிசை ஒண்டும் வேணாம். பக்கத்துல வாய்க்கால் ஓடுது தானே? அதில இப்பவே இறக்குங்க. தலையை மட்டும் தண்ணிக்கு மேல பிடிங்க. நான் வாறன்."

"உனக்கென்ன விசரா? இந்தச் சூட்டு உடம்பை எப்படித் தண்ணியில போடுற? ஜன்னி வந்திடும்."

"அத்தான், அது காய்ச்சலில்ல. கெதியா இறக்குங்க."

"நீ முதல்ல வா, பாப்பம்" என்று போனை வைத்துவிட்டார்.

காய்ச்சல் என்பது உடம்பு தானாக ஏற்றுகிற சூடு. பரசிற்றமோல் போட்டால் இறங்கும், மனிதனுக்கு. நாய்க்கு அந்தக் குளிசையே நஞ்சு. வெயில் அடித்து ஏறுகிற சூடு வேறு. உடம்பு இறக்கப் பார்த்து, முடியாமல் கைவிட்ட சூடு அது. நாய்க்கு எங்களைப்போல் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அடிக்கிற காற்றே அனலாக இருந்தால் அது எங்கே தள்ளும்? நல்ல சுகமாக இருக்கிற நாயின் சூடு நூற்றொன்று, நூற்றிரண்டரை பரனைட். ஓடி விழுந்த நாய்க்கு நூற்றாறைத் தாண்டினால் உயிராபத்து. நூற்றொன்பதைத் தொட்டால் உள்ளே உறுப்புகள் வேகத் தொடங்கிவிடும். இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. முதலில் குளிர்த்த வேண்டும், பிறகுதான் கொண்டுவர வேண்டும். நான் வாவிப் பாலம் கடந்து வட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை மணித்தியாலம் போய்விட்டது.

போய்ப் பார்த்தால், மருத மரத்து நிழலில் நாயைக் கிடத்தி, நனைத்த சாக்கை அதன் மேல் போர்த்தி வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். சாக்கைத் தூக்கினேன், ஆவி அடித்தது. போர்த்திய ஈரம் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், பிறகு அது போர்வைதான். பத்தடி தள்ளி வாய்க்கால் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தானைத்தான் முதலில் அதற்குள் தள்ளியிருக்க வேண்டும்.

தேர்மொமீட்டரை வைத்தேன். நூற்றெட்டரை. பல் முரசு செங்கல் நிறம். கண் எங்கேயோ பார்க்கிறது, கூப்பிட்டால் காது அசையவில்லை.

"டொக்டரம்மா, தண்ணியில போடாதீங்க. வலிப்பு வந்து செத்திடும்" என்றார் மெசின் ஓட்ட வந்தவர்.

"போடாட்டியும் சாகும். காலைப் பிடிங்க."

நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். தண்ணீர் தோலைத் தொடும்படி மயிரை எதிர்ப்பக்கமாகக் கோதினேன். தலையை என் தோளில் வைத்துக்கொண்டேன். அத்தான் கரையில் நின்று, "நான் சொல்லிப்போட்டன், பிறகு என்னைக் கேக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இடையிடையே சூட்டைப் பார்த்தேன். நூற்றாறரை. நூற்றைந்து. நாய் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது. நூற்றுமூன்றில் கரைக்குத் தூக்கினேன்.

உடனே அத்தான், "ஏன் எடுக்கிற? நல்லா வேலை செய்யுது. இன்னும் கொஞ்சம் குளிரட்டும்" என்கிறார். வேண்டாம் என்று நின்ற அதே மனிதன்! நூற்றுமூன்றில் நிறுத்தவேண்டும், அதற்குப் பிறகும் சூடு தானாக இறங்கும், விட்டால் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து நடுங்கும் என்று சொன்னேன். காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

கச்சான் காற்று ஈர உடம்பில் பட, நாய் எழுந்து நின்றது. உடம்பைச் சிலுப்பியது. சட்டியில் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் நக்கியது. வாலையும் ஆட்டியது. நான் பயந்தது அந்த வாலுக்குத்தான்.

"பாத்தியா, ஒண்டுமில்ல" என்றார் அத்தான்.

"அத்தான், இது இனித்தான் தொடங்கும். மூண்டு நாளைக்கு என்ட கிளினிக்கில வைக்கணும். சேலைன் ஏத்தணும், இரத்தம் பாக்கணும்."

"வாலாட்டுற நாய்க்கு சேலைனா? உங்கட ஆக்களுக்கு ஊசி குத்தாட்டி நித்திரை வராது."

நாயை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்று அக்காவிடமும் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ராவைக்குப் பாப்பம் புள்ள, காலையில கொண்டு வாறம்" என்றாள். அன்றிரவு கோழிச் சூப் குடித்தானாம் அக்காவின் அந்த நாலுகால் மகன்.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் திரிந்த பால் திரிந்ததுதான். வாய்க்கால் நெருப்பை அணைத்தது, அவ்வளவே. அதற்கு முன்பு அந்த அரை மணித்தியாலத்தில் உள்ளே வெந்தது வெந்ததுதான். குடலின் உட்தோல் உரியும். ஈரலும் சிறுநீரகமும் மெதுவாகக் கைவிடும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது இரத்தம். சூட்டில் நொந்த நாளங்களுக்குள் அங்கங்கே பொடிப்பொடியாக இரத்தம் உறையத் தொடங்கும். உறைவதற்கு வேண்டியதெல்லாம் அதிலேயே செலவாகி முடிந்துபோகும். பிறகு உறைய வேண்டிய இடத்தில் உறையாது, ஒழுகும். இது விழுந்த உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். எல்லோரும் பிழைத்துவிட்டது என்று நம்பிய பிறகு.

அடுத்த நாள் காலையில் அவர்கள் வரவில்லை. நான் போன் அடித்தும் எடுக்கவில்லை. மத்தியானம் அக்காவே போனில் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"வயித்துல சிவப்புச் சிவப்பாப் பொட்டு போட்டிருக்கு. அத்தான் எறும்பு கடிச்சதெண்டு சொல்றார். ஆனா இரத்தமாப் போகுது புள்ள."

நான் போய் யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன். முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. ஊசி ஏற்றிய இடத்தில் நீலம் பாரித்து வீங்கியது. கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம், சில நிமிடத்தில் கட்டியாக வேண்டியது, எவ்வளவு நேரம் சரித்துப் பார்த்தும் தண்ணீராகவே ஓடியது. உறைவதற்கு உதவும் பிளாஸ்மா நாய்க்கு இங்கே எங்கே கிடைக்கும்? என் வீட்டு நாயைக் கொண்டுவந்து, அதன் இரத்தத்தை எடுத்து ஏற்றினேன். கசிவு கொஞ்சம் அடங்கியது. ஆனால் எவ்வளவு சேலைன் ஏற்றியும் மூத்திரம் வரவில்லை. சிறுநீரகம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் பின்னேரம், அக்காவின் மடியில் தலையை வைத்தபடி செத்தது. "மனே, மனே" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.

அடக்கம் செய்த அன்று அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உண்மையைச் சொல்லு. தண்ணியில போட்டதாலயா?"

கூடப் பிறந்தவள் கேட்கிறாள். அவளை அந்தக் கிணற்றுக் கட்டில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "விழுந்தவுடன போட்டிருந்தா?"

"பிழைச்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்லமாட்டன். ஆனா இருந்திருக்கலாம்."

அத்தான் சும்மா இருப்பாரா? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை அவருக்கு வாய்த்துவிட்டது. வட்டையில், தேத்தண்ணிக் கடையில், கோயில் வீதியில், எங்கே நின்றாலும் அதே பேச்சு. மாட்டு டொக்டர் சூட்டு உடம்பைத் தண்ணியில போட்டா, மூண்டாம் நாள் ஜன்னி வந்து செத்திச்சு. சனமும் தலையாட்டியது. அவர்களுடைய நம்பிக்கைக்குக் கண்ணால் கண்ட சாட்சி கிடைத்துவிட்டது. இனி அந்த வட்டையில் நாயோ மனிதனோ வெயிலில் சுருண்டு விழுந்தால், ஓடுகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஊர் வாயை மூட நான் எந்த உலைமூடியைத் தேட?

சில வாரம் கழித்து, அக்கா வீட்டில் நான் இருந்தபோது, அத்தானின் பழைய கந்தோர்ச் சிநேகிதர் ஒருவர் வந்தார். நாயைக் காணோமே என்று கேட்டார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். நான் எழுந்து போகப் பார்த்தேன்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முப்பது வருடமாகப் புருஷன் பேசும்போது குறுக்கே ஒரு சொல் சொல்லாதவள். தட்டைக் கையில் பிடித்தபடி, விருந்தாளியைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணியில போட்டது தங்கச்சி. வெயிலுக்குள்ள ஓடவிட்டது இவர்."

பிறகு, "சீனி காணுமா, இன்னும் போடவா அண்ணே?" என்று கேட்டாள்.