இசபெல்லாவின் ஒன்று

இசபெல்லாவின் கையெழுத்தைப் பற்றிக் கிளிஞ்சல்மேட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் புகழத்தான் வேண்டும். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் கன்னியர் பள்ளியில் படித்தவள். அங்கே கையெழுத்துக்குத் தனி மார்க், எழுத்து கோணினால் விரல்முட்டியில் தனி அடி. அந்த அடி வீண்போகவில்லை. நாற்பத்து மூன்று வயதில், விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் ஒரே எழுத்தராக, பதினெட்டுப் படகுகளின் பதிவேட்டையும் அவள் அச்சடித்ததுபோல் எழுதி வைத்திருந்தாள். டைப்ரைட்டர் வாங்கலாமா என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, "எதுக்குங்க, என் கைக்கு என்ன கேடு?" என்று கேட்டு அந்தப் பேச்சை அன்றோடு புதைத்தாள்.

அவளுடைய வீட்டுக்காரர் சூசைராஜ், டவுனில் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்குப் பதிலாக ஏழு கிலோ வாங்கி வந்துவிட்டார். "சீட்டுல ஏழுன்னுதானே இருக்கு?" என்றார். "கண்ணு அவிஞ்சா போச்சு? போய்க் கண்ணாடி போடுங்க!" என்றாள் இசபெல்லா. மறுவாரமே போட்டுக்கொண்டார். அந்த ஏழு கிலோ வெங்காயக் கதை உறவுக்காரர் கல்யாணங்களில் எல்லாம் பரிமாறப்பட்டது. அவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கூடச் சிரிப்பார்.

எண்பத்து நாலாம் வருடம் பிப்ரவரி மாதக் கடைசியில் சங்கத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினெட்டுப் படகுக்கும் சேர்த்து ஒரே பாலிசி. மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. கிளைம் அதிகமாக இருப்பதால் இனி பிரீமியம் இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தார்கள். பாங்குக் கடனில் வாங்கிய படகுகள் அவை. இன்சூரன்ஸ் இல்லாமல் கடலில் இறங்கினால் பாங்கு சும்மா இருக்காது. இரண்டு மடங்கு கட்டவோ ஒருவரிடமும் வழியில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி பதினெட்டுப் படகும் கரையில் குந்த வேண்டியதுதான்.

சங்கத் தலைவர் மரியமுத்து ஒரு புரோக்கரைப் பிடித்து வந்தார். அவர் பெயர் சோமசேகரன். நெடுங்காட்டுக்காரர், இன்னொரு இன்சூரன்ஸ் கம்பெனியின் ஏஜென்ட். காரைக்காலில் புரோக்கர் என்றால் கல்யாணத் தரகர், இல்லாவிட்டால் மனைத் தரகர். அதனால் அவர் எங்கே போனாலும் முதலில், "நான் ஏஜென்ட்டுங்க, புரோக்கர் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ஊர் அவரைப் புரோக்கர் என்றேதான் கூப்பிட்டது.

"எங்க கம்பெனியில போட்டுடலாம். ஆனா பழைய கம்பெனிகிட்டேருந்து மூணு வருசத்துக்குக் கிளைம் எக்ஸ்பீரியன்ஸ் ஸ்டேட்மென்ட் வேணும்" என்றார் சோமசேகரன்.

மரியமுத்து முழித்தார். "எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டா? யாருக்கு வேலை பாக்குறீங்க?"

"சங்கத்தோட அனுபவங்க. வருசா வருசம் எவ்வளவு பிரீமியம் கட்டினீங்க, எத்தனை கிளைம் வந்துச்சு, எவ்வளவு குடுத்தாங்க, இன்னும் குடுக்காம எவ்வளவு நிலுவை நிக்குதுன்னு பழைய கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தரணும். அதைப் பாக்காம எங்க ஆபீஸ்ல ரேட்டே சொல்ல மாட்டாங்க. பொண்ணு பாக்கப் போறவன் நாலு வீட்டுல விசாரிக்க மாட்டானா?"

"பாத்தீங்களா, புரோக்கர்தான்!" என்றார் மரியமுத்து.

சோமசேகரன் பழைய கம்பெனிக்குத் தானே போய்க் கேட்டுப் பார்த்தார். பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் எழுதிக் கேட்டால்தான் தருவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது நியாயம்தான், ஊரான் கணக்கை வேற்றுக் கம்பெனி ஏஜென்ட் கையில் யார் கொடுப்பார்கள்? இசபெல்லா சங்கத்தின் தாளில், மூன்று வருடத்துப் பாலிசி எண்களையும் வரிசையாகப் போட்டு, முத்துமுத்தாக ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தி அனுப்பினாள். பதில் இல்லை. நினைவூட்டி ஒன்று எழுதினாள். அதற்கும் இல்லை. கைவிட்டுப் போகிற வியாபாரத்துக்குப் பெட்டி கட்டிக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கு அவசரம்? மார்ச் இருபத்திரண்டாம் தேதி அவளே பஸ் ஏறினாள்.

பழைய கம்பெனியின் கிளைக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்தக் கிளையில் கிளைம் பார்க்கிற அதிகாரி சுவாமிநாதன் மரியாதைக்காரர். ஆனால் ஆமைக்கு அண்ணன். அவள் எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்து போய் வந்தபோதும் அவள் அதே நாற்காலியில் இருந்ததைப் பார்த்து, அவரே பதிவேட்டைப் புரட்டி ஸ்டேட்மென்டைத் தயார்பண்ணிக் கொடுத்தார்.

மூன்று வருடத்துப் பிரீமியம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். கொடுத்த கிளைம் ஐம்பத்தெட்டாயிரம். அதுவரை சரி. எண்பத்திரண்டு-எண்பத்து மூன்றாம் பாலிசி வருடத்துக்கு நேராக, நிலுவை என்ற கட்டத்தில், ஒரு லட்சம் என்று இருந்தது.

"இது என்னங்க ஒரு லட்சம்?"

"படகு நம்பர் பதினொண்ணு. ஆரோக்கிய மாதா. முழு நஷ்டம். நூறு ரூபா வாங்கினா எழுபத்து மூணு ரூபா கிளைமாப் போயிடுது. அப்புறம் பிரீமியம் ஏத்தாம என்ன செய்யிறது?"

இசபெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொன்றாம் நம்பர் சந்தனசாமியின் படகு. எண்பத்திரண்டு நவம்பரில் எஞ்சின் நின்று, காற்றில் அடித்துக்கொண்டு போய், ஐந்து நாள் தகவல் இல்லை. படகு போச்சு என்று மரியமுத்து கம்பெனிக்குத் தந்தி அடித்தார். ஆறாம் நாள் கோடியக்கரைக்காரர்கள் கட்டி இழுத்து வந்து விட்டார்கள். ஊரே கொண்டாடியது. மறுநாளே இசபெல்லா கடிதம் எழுதிவிட்டாள்.

"படகு வந்துருச்சு, கிளைம் வேண்டாம்னு அப்பவே எழுதிட்டேனுங்களே! என் கையாலதான் எழுதினேன். ஒண்ணரை வருசமா அதைப் பாக்காம ஒரு லட்சத்தைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களா? ஆபீஸா நடத்துறீங்க?"

சுவாமிநாதன் கோபப்படவில்லை. பீரோவைத் திறந்து பழைய கட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அவளுடைய கடிதம் இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு மையில், 'பாலிசியில் 77 என்று படகு இல்லை' என்று யாரோ குறித்துக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"எழுபத்தேழுன்னு எழுதியிருக்கீங்கம்மா. உங்ககிட்ட இருக்கிறதே பதினெட்டுப் படகு."

"பதினொண்ணுங்க அது!"

"எழுபத்தேழு."

"ஆரோக்கிய மாதான்னு பேரு போட்டிருக்கேனே?"

"உங்க லிஸ்ட்ல நாலு ஆரோக்கிய மாதா இருக்குதும்மா."

அது உண்மைதான். வேளாங்கண்ணி அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவள் விடவில்லை. பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கல்யாணசுந்தரியிடம் கடிதத்தை நீட்டி, "நீ படிம்மா, இது என்ன?" என்றாள். அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்காமல், "எழுபத்தேழுக்கா" என்றாள்.

இசபெல்லா கடிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கன்னியர் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு முறைப்படி, கீழிருந்து ஒரு நீண்ட கோடு சாய்வாக மேலே ஏறி, உச்சியில் திரும்பி நேராக இறங்கும் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அவளுக்கு ஏழு என்றால் நடுவில் குறுக்குக் கோடு இருக்க வேண்டும். அது இல்லாததால் ஏழு இல்லை. இந்தியாவில் மீதிப் பேருக்கு அந்தக் குறுக்குக் கோட்டைப் பற்றித் தெரியாது. முப்பது வருடமாக அவள் ஒன்று என்று எழுதியதை ஊர் ஏழு என்று படித்திருக்கிறது. சங்கத்துக்காரர்களுக்கு அவரவர் படகு நம்பர் மனப்பாடம், அதனால் தப்பித்தாள்.

முகம் சிவந்துபோயிற்று. கொஞ்ச நேரத்துக்கு முன் போட்ட கூச்சலை எல்லாம் அள்ளி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது.

"தப்பு என்னுதுங்க" என்றாள் தணிந்த குரலில். "இப்ப என்ன செய்யணும்?"

"நம்பரை எழுத்தாலயும் எழுதி, படகுக்காரர் கையெழுத்தோட ஒரு கடிதம் குடுங்க. படகு ஓடுதுன்னு மீன்துறையில ஒரு சான்றும் வேணும். கிளைமை முடிச்சுட்டு இன்னிய தேதிக்குப் புது ஸ்டேட்மென்ட் போட்டுடறேன். எங்க ஆளும் ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கணும். அது எங்க தப்பு."

மறுநாள் அவள் சான்றோடு சந்தனசாமியையும் கூட்டிக்கொண்டு போனாள். "இவருதாங்க முழு நஷ்டம்" என்று அறிமுகப்படுத்தினாள். சந்தனசாமி சுவாமிநாதனுக்கு ஒரு கூடை இறால் கொண்டு வந்திருந்தார். சைவம் என்று தெரிந்ததும் அது கல்யாணசுந்தரியின் மேசைக்கு அடியில் போயிற்று. சாயங்காலத்துக்குள் புது ஸ்டேட்மென்ட் கைக்கு வந்தது. நிலுவை என்ற கட்டத்தில் 'இல்லை'. நூற்றுக்கு எழுபத்து மூன்று இருபத்தேழாக இறங்கியிருந்தது.

அதைப் பார்த்த சோமசேகரனின் கம்பெனி பழைய பிரீமியத்துக்கே ஒப்புக்கொண்டது. முப்பதாம் தேதி பணம் கட்டியாயிற்று. பதினெட்டுப் படகும் ஏப்ரல் ஒன்றாம் தேதி கடலில் இருக்கும்.

மரியமுத்துவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஒண்ணரை வருசமா தூங்கியிருக்கானுவ! டில்லிக்கு ஒரு புகார் எழுதும்மா, உன் கையெழுத்துல, நறுக்குன்னு!"

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. இசபெல்லா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். "அவங்க மேல பாதிதாங்க தப்பு. என் ஒண்ணு அவங்களுக்கு ஏழாத் தெரிஞ்சிருக்கு" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

மரியமுத்து வெகு நேரம் மோவாயைத் தடவினார். பிறகு பயந்து பயந்து, "அப்ப அந்த டைப்ரைட்டரு...?" என்றார்.

"வாங்குங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் நேரே வீட்டுக்குப் போகாமல் தையல்கடைக்குப் போனாள். சூசைராஜ் மெஷினில் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவளைக் கண்டதும் அவசரமாக இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"என்னங்க, அதைக் கழட்டுங்க."

"ஏன்?"

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு நான் எழுதின ஒண்ணு ஏழு மாதிரிதான் இருந்திருக்கு."

அவர் மெஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, அவள் கையில் கொடுத்தார். அவள் போட்டுப் பார்த்தாள். எதிர்க்கடைப் பலகை, தெரு, அவர் முகம், எல்லாம் எப்போதும்போல் தெரிந்தன. கொஞ்சங்கூட மாறவில்லை.

"வெறுங்கண்ணாடிதான். கண்ணு நல்லாருக்குன்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு" என்றார் சூசைராஜ். "நீ அவ்வளவு அழகா எழுதுறே. அதுல போய்த் தப்பு இருக்குன்னு எப்படிச் சொல்றது?"