கயிற்றின் எடை

எங்கள் பௌதிக வாத்தியாருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எதிரே உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேருக்கு நரை தட்டியிருந்தது. ஆண்டர்சன்பேட்டை மிஷன் பள்ளியில் ஞாயிறு மத்தியானம் வகுப்பு. பரீட்சையில் தேறினவனுக்குப் புதிதாக வந்த மின்சாரப் பிரிவில் வேலை கிடைக்கும் என்றிருந்தார்கள். நான் தங்கச் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவன். ஒரு மாறுதலுக்காகத்தான் போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர் அப்படி இல்லை. பூமிக்கடியில், லெவல் என்கிற சுரங்கத் தளத்தில், ஆளையும் பாரத்தையும் ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடிப்பவர். பதினெட்டு வருஷம் அந்தத் தூசியைக் குடித்து மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. மேலே வர அவருக்கு வேறு வழியில்லை.

ஒரு ஞாயிறு வாத்தியார் சோதனை வைத்தார். மூன்று டன் கூண்டை ஆயிரத்து இருநூறு அடி, இரண்டு நிமிஷத்தில் தூக்க எத்தனை குதிரைச் சக்தி வேண்டும்? கயிற்றின் எடையை விட்டுவிடு என்றும் எழுதியிருந்தார். நண்பர் தாளில் 144 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வாத்தியார் சுழி போட்டார். சரியான விடை 122.

நண்பர் எழுந்து நின்றார். "கயித்த உட்டுட்டு கூண்டு எப்டி ஐயா மேல வரும்? அடிக்கு ரெண்டு பவுண்டு கீது. கீழ இருக்கும்போது முழுக் கயிறும் பாரம், மேல வந்தா ஒண்ணுமில்ல. நான் பாதிதான் சேத்தேன்."

வாத்தியார் பலகையில் போட்டுப் பார்த்தார். கூட்டிக் கழித்தால் அணுப் பிசகாமல் 144. சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க மனசுல போட்டது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமில்லை. வெட்கப்பட்டவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றிற்று.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு பாதிப் பேருக்கு ஷிப்ட். வகுப்பு நடக்கவில்லை. அதற்குப் பதிலாக வாத்தியார் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினார். அது ஷிப்ட் மாறும் நேரங்களில் கை மாறி, பாலகாட் சுரங்கம் வரை போய், மெழுகுவர்த்திக் கறையும் செம்மண்ணுமாக என்னிடம் வந்து சேர்ந்தது. நான் நகல் எடுத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

"பெரியோர்களே," என்று ஆரம்பித்திருந்தார். "விடையை மட்டும் எழுதாதீர்கள். திருத்துகிறவர் சென்னையில் இருப்பவர், உங்களைப் பார்த்திராதவர். முதலில் கொடுத்ததை எழுதுங்கள். டன்னைப் பவுண்டாக்குங்கள். அடுத்த வரியில் விதி, அதற்கடுத்த வரியில் எண்கள். கடைசி எண்ணில் தப்பினாலும் முன்வரிகளுக்கு மார்க் உண்டு. விடைக்குப் பக்கத்தில் அலகு இல்லாவிட்டால் அது அடியா பவுண்டா குதிரைச் சக்தியா என்று யாருக்குத் தெரியும்? கேள்வி முழு எண்ணில் இருக்க, நீங்கள் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இழுக்க வேண்டாம். தப்பானதை ஒரே கோட்டால் அடியுங்கள், அழிக்காதீர்கள். கேள்வி சொல்லாத ஒன்றை விட்டாலும் சேர்த்தாலும், அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்."

படித்த மனிதர் இப்படி இறங்கி வந்து எழுதி நான் பார்த்ததில்லை. வாசித்துக் காட்டினபோது நண்பர், "நம்மள திட்டாம திட்டுறாரு பாரு," என்று சிரித்தார். அப்புறம் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

பரீட்சையில் கூண்டுக் கணக்கே வந்தது. இந்த முறை கயிற்றைப் பற்றிக் கேள்வி வாயே திறக்கவில்லை. எடையும் இல்லை, விடு என்றும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். நண்பர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைக்குத் தெரிந்த எடை அது. எழுதாமல் விடுவது அவருக்குப் பொய் சொல்வது மாதிரி. பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் வாத்தியார் முதலில் அவரிடம்தான் வந்தார். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கயிறு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"முதல் வரியிலயே எழுதிட்டேன் ஐயா, கயித்து எடை குடுக்கல, அதனால சேக்கலன்னு. அப்புறம் நீங்க சொன்னா மாதிரி வரிசையா போட்டேன். குதிரைச் சக்தின்னும் போட்டேன்."

நான் அந்தக் கடைசியைத்தான் போடாமல் வந்திருந்தேன். கடிதத்தை நகல் எடுத்தவன் நான்!

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. நண்பர் தேறியிருந்தார், நான் இரண்டு மார்க் குறைந்து நின்றுவிட்டேன். அந்த மாதமே அவரை மின்சாரப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். போகுமுன் வாத்தியாரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். கயிற்றை விட மனசு வந்ததா என்று வாத்தியார் கேட்டார்.

"காகிதத்துல கயித்த உட்டா யாரும் சாவ மாட்டாங்க ஐயா. அங்க போயி மோட்டார்ல கூண்டு ஏத்துறப்ப உட மாட்டேன்."

வாத்தியார் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நண்பர் லெவலுக்கு இறங்கவே இல்லை.