இன்னும் ஒரு சுற்று

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு மகள்தான் உலகம். தாயில்லாப் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். நுழைவுத்தேர்வு முடிந்து கவுன்சலிங் தொடங்கியபோது, அவள் தன் விருப்பப் பட்டியலில் தொலைதூரக் கல்லூரியின் கப்பல் கட்டும் படிப்பை முதலிலும், உள்ளூர்க் கல்லூரியை அதற்கு அடுத்தும் வைத்திருந்தாள். முதல் சுற்றில் கிடைத்தது உள்ளூர்தான்.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடி மகள் கேட்டாள்: "அப்பா, ஃப்ரீஸ் பண்ணா இதோட முடிஞ்சுது, இதே சீட்தான். ஃப்ளோட் கொடுத்தா இதுவும் கையில இருக்கும், அடுத்த சுற்றுகள்லயும் பார்ப்பாங்க. மேல உள்ளது கிடைச்சா இது தானா போயிடும், திரும்பி வராது. என்னப்பா செய்யட்டும்?"

'ஃப்ரீஸ்' என்ற சொல் அவர் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"உன் மனசு எங்க இருக்கோ அங்க போம்மா. ஃப்ளோட் கொடு."

வாய் அப்படிச் சொன்னாலும், ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கப்பல் படிப்பு இடம் வேறு யாருக்காவது போகட்டும் என்றே வேண்டிக்கொண்டார். கடைசிச் சுற்றும் முடிந்தது. அதே உள்ளூர் சீட்.

"உங்களை விட்டுட்டுப் போக எனக்குக் கொடுத்து வைக்கலப்பா" என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

கேட்ட வரம் கிடைத்தும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது துறைமுகச் சாலையில் வண்டியை ஓரங்கட்டினார். தூரத்தில் ஒரு கப்பல் கரையைவிட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று இருக்கக் கூடாதா என்று ஏங்கியபடி, அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.