ஆயிரத்து நூற்று எண்பத்தாறு வரிகளும் நாற்பத்தொரு காலிக் கட்டங்களும்

போர்ட் பிளேருக்குத் தெற்கே, கப்பலில் மட்டும் சரக்கு வரும் தீவு ஊர் ஹட் பே. இங்கே நான் மருந்துக்கடை வைத்துப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் இருபத்தெட்டு வருடங்கள் அரசு மருத்துவமனையில் பார்மசிஸ்ட். எண்ணாமல் எதையும் அலமாரியில் வைத்ததில்லை. கடைக் கணினியில் மருந்துப் பட்டியல் மொத்தம் ஆயிரத்து நூற்று எண்பத்தாறு வரிகள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த எண்ணிக்கைதான் என்னை ஏமாற்றியது.

ஒரு வியாழக்கிழமை, மென்பொருள் கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கம்பெனி சென்னையில். எங்கள் கடைக்குப் பொறுப்பான பெண் நல்ல தமிழில் எழுதியிருந்தாள்.

"வணக்கம் சார். உங்கள் கடைத் தகவல்கள் எல்லாம் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறுகின்றன. சனி மதியம் இரண்டு மணி முதல் ஞாயிறு மாலை ஆறு மணி வரை பட்டியலைப் பார்க்கலாம், எதையும் பதிவு செய்ய முடியாது. அந்த நேரத்து விற்பனையைத் தாளில் எழுதி, திங்கள் காலை ஏற்றுங்கள். புதியதில் காலாவதிக் கட்டம் மாதமும் வருடமும் மட்டும் ஏற்கும். வேறு எழுத்துகள் இருந்தால் அந்தக் கட்டம் காலியாக வரும். பத்து வரி மாதிரி அனுப்பியுள்ளோம். சரிபார்த்துப் பதில் அனுப்பவும். பழைய பிரதி முப்பது நாள் எங்களிடம் இருக்கும்."

நான்கு முறை படித்தேன். என் காலாவதிக் கட்டங்கள் எல்லாவற்றிலும் மாதமும் வருடமும் உண்டு. பிறகென்ன? மாதிரிப் பத்து வரியும் சரியாக இருந்தன. 'சரி, நன்றி' என்று அனுப்பினேன். அந்த இரண்டு சொற்களைத்தான் அவர்கள் என் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது.

நான் செய்து வந்த ஒரு காரியத்தை அப்போது நான் நினைக்கவே இல்லை. பழைய நிரலில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆனால் பட்டியலை அச்சிட்டால் அது தாளில் வராது. காலாவதிக் கட்டம் வரும். இங்கே மருந்து கப்பலில் வருகிறது. கப்பலுக்குக் கப்பல் தள்ளிப்போகிறது. தீவின் உள்ளே இருக்கும் ஆட்கள் மாதம் ஒருமுறைதான் கடைக்கு வருவார்கள், பலருக்கு போனில் சிக்னல் கிடையாது. அதனால் யாருக்கு எது வேண்டும் என்பதையும் காலாவதித் தேதிக்குப் பக்கத்திலேயே தட்டி வைப்பேன். தாளை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். என் கெட்டிக்காரத்தனம் என்றே அதை நினைத்திருந்தேன்.

திங்கள் காலை எட்டரைக்குப் புதிய நிரலைத் திறந்தேன். முதலில் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று எண்பத்தாறு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"பாத்தியா, ஒண்ணு விடாம வந்திருக்கு" என்றேன் மனைவியிடம்.

"உங்க மூக்குக்கண்ணாடியும் வந்திருக்கான்னு பாருங்க, நேத்துலேர்ந்து தேடுறீங்க" என்றாள்.

பட்டியலை அச்சிட்டபோதுதான் பார்த்தேன். நாற்பத்தொரு இடத்தில் காலாவதிக் கட்டம் வெறுமையாக இருந்தது. நான் குறிப்பு எழுதிய நாற்பத்தொன்றும். தேதியும் இல்லை, ஆளும் இல்லை. தேதியை அட்டையைப் பார்த்து மறுபடி தட்டிவிடலாம். ஆள்?

போர்ட் பிளேர் மொத்த வியாபாரிக்கு மதியம் ஒரு மணிக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். செவ்வாய் காலை கப்பலில் சரக்கு ஏறும். அதைவிட்டால் அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து.

சென்னைக்குப் போன் செய்தேன். நான்காவது முறைதான் லைன் கிடைத்தது.

"சார், வரி எதுவும் போகல. பொருந்தாத எழுத்து மட்டும் ஏறல. மெசேஜ்ல சொல்லியிருந்தோமே சார்."

"அம்மா, சொல்லியிருந்தீங்க. எனக்குப் புரியல. பழைய பிரதியிலேர்ந்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக் குடுங்க."

"குடுத்துடலாம் சார், எதுவும் அழியல. ஆனா அந்தப் பிரதியைத் திறக்க வேற டீம்ல அனுமதி வாங்கணும். ரெண்டு நாள் ஆகும்."

"கப்பல் நாளைக்கு, அம்மா."

"கப்பலா சார்?" என்று கேட்டாள்.

மனைவியும் நானும் உட்கார்ந்து நினைவுபடுத்தினோம். அவளுக்கு மருந்து தெரியாது, முகம் தெரியும். "பச்சைக் குடை கொண்டு வருவாங்களே, சர்க்கரை" என்பாள், நான் எழுதுவேன். ஒரு மணிக்குள் இருபத்தேழு குறிப்பு நினைவுக்கு வந்தது. பதினான்கு வரவே இல்லை. அந்தப் பதினான்கின் இருப்பைப் பார்த்தேன். வலிப்பு மாத்திரை நாற்பது என்று காட்டியது. போதும் என்று விட்டுவிட்டேன்.

புதன் மதியம் பழைய பிரதியிலிருந்து எடுத்த தாள் போனில் வந்தது. நாற்பத்தொன்றும் எழுத்துப் பிசகாமல் இருந்தன. கப்பல் எனக்கு வேண்டியதை விட்டுவிட்டு வந்து சேர்ந்திருந்தது. விட்டுப்போன பதினான்கில் பதிமூன்று காத்திருக்கக் கூடியவை: சத்து மாத்திரை, கண் சொட்டு, களிம்பு. பதினான்காவது வலிப்பு மாத்திரை. காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்: "16 கி.மீ. தச்சர் மகள். பச்சை அட்டைக் கம்பெனி மட்டும். 60."

கடையில் இருந்த நாற்பதும் வேறு கம்பெனி. அந்தப் பெண்ணுக்கு மாத்திரைக் கம்பெனியை மாற்றக்கூடாது என்று போர்ட் பிளேர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இங்கே உள் ஊர்களுக்குக் கப்பல்துறையிலிருந்து எத்தனை கிலோமீட்டரோ அதுதான் பெயர். பதினாறாம் கிலோமீட்டருக்கு பஸ்ஸில் போனேன். தச்சர் வங்காளி. தமிழ்க் கான்ட்ராக்டர்களிடம் வேலை செய்து பழகிய தமிழ், நடுநடுவே இந்தி.

"அரே அங்கிள், நீங்க இங்கயா? மாத்திரை ஆ கயா?"

"வரல. என் தப்பு. வீட்ல எத்தனை இருக்கு?"

உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்தார். நான் இரண்டு முறை எண்ணினேன். பதினான்கு. நாளைக்கு இரண்டு வீதம் ஏழு நாள். அடுத்த கப்பல் ஒன்பது நாளில். அதுவும் சொன்ன நாளில் வந்தால்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு குடுத்தா பதினாலு நாள் வரும்ல?" என்றார்.

"கூடாது. அது மட்டும் செய்யாதீங்க."

மறுநாள் அவரையும் மகளையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் போர்ட் பிளேருக்குப் பேசிவிட்டு, பச்சை அட்டை தீர்ந்ததும் என் கடை மாத்திரையையே அதே அளவில் கொடுக்கச் சொன்னார். பெண்ணைத் தனியாக விட வேண்டாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"கவனிக்கிறது மத்லப் என்ன?" என்று தச்சர் என்னைக் கேட்டார்.

கடலில் குளிக்க விடாதீர்கள், அடுப்பருகே விடாதீர்கள், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். அதைத் தவிர என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் கடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்தேன்.

கப்பல் பத்தாம் நாள் வந்தது. பதினோராம் நாள் தச்சர் வந்தார். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "மூணு நாள் அவ அம்மா தூங்கல, நான் வேலைக்குப் போகல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறுபது மாத்திரையை அவரும் எண்ணி வாங்கினார். பிறகு திரையைக் காட்டி, "இப்ப எங்க பேரு எங்க எழுதுவீங்க?" என்று கேட்டார்.

காலாவதிக் கட்டத்தில் முடியாது. குறிப்புக் கட்டம் புதியதிலும் அச்சில் வரவில்லை. அவர் நிற்கும்போதே சென்னைக்கு எழுதினேன்: யாருக்கு என்று எழுத, அச்சில் வரும்படி, ஒரு கட்டம் வேண்டும்.

ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது சார்."

"கியா போலா?" என்றார் தச்சர்.

படித்துக் காட்டினேன்.

"அப்டின்னா எப்ப வரும்?"

"தெரியலைப்பா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.