மேட்டுக்குக் கிழக்கே பெய்த மழை

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆறு என்றால் தண்ணீர் ஓடுகிற இடம் என்பதற்கு மேல் யோசித்ததில்லை. பெங்களூரில் அணைக் கணக்குப் பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் காண்ட்ராக்ட் டிரைவராகச் சேர்ந்த பிறகுதான், ஆற்றைப் பற்றிக் கவலைப்படுவதற்கும் சம்பளம் உண்டு என்று தெரிந்தது. கவலை எனக்குச் சொல்லிக்கொடுக்காமலே வரும். அந்த ஒரு விஷயத்தில் அங்கே நான் யாருக்கும் குறைந்தவனில்லை.

நான் ஓட்டியது இன்ஜினியர் மேடத்தின் வண்டி. மைசூர்ப் பக்கத்து அணைகளில் நாளைக்கு எவ்வளவு திறக்கலாம் என்று கணக்குப் போட்டு மேலே அனுப்புவது மேடத்தின் வேலை. அது மழை பொய்த்த வருஷம். தமிழ்நாட்டுக்கு இவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்று டெல்லிக் கமிட்டி சொல்லியிருந்தது. அணையில் இவ்வளவு திறந்தோம் என்று நாங்கள் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லையில், பிலிகுண்டுலுவில், இரண்டு மாநிலத்தையும் சேராத மத்திய ஆட்கள் ஆற்றின் உயரத்தையும் வேகத்தையும் அளந்து சொல்வதுதான் கணக்கு. திறந்த தண்ணீர் அங்கே போய்ச் சேர மூன்று நாள். நடுவில் பெய்கிற மழையும் அதோடு சேர்ந்துகொள்ளும். குறைந்தால் டெல்லியில் பதில் சொல்ல வேண்டும். கூடினால் மண்டியா விவசாயிகள் நெடுஞ்சாலையில் உட்காருவார்கள். சரியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் அங்கே பாராட்டு.

எங்கள் ஆபீசில் மிரட்டலும் ஆற்றின் பேரில்தான். பெரிய சாருக்குக் கோபம் வந்தால் "கிருஷ்ணாவுக்கு அனுப்பிடுவேன்" என்பார். வடக்கே கிருஷ்ணா படுகையில், ராய்ச்சூர்ப் பக்கம் மாற்றல் என்று அர்த்தம். மேடத்தின் மாமியாருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வாரம் தவறாமல் டயாலிசிஸ். மேடம் போனால் வண்டியும் போகும், வண்டியோடு நானும் போவேன். ஆகவே மேடம் கணக்குப் போடும்போதெல்லாம் நான் வாசலில் நின்று கவலைப்பட்டேன்.

ஒரு நாள் காலையில் பேப்பர் முழுக்க பெங்களூர் மழை. மழைமானி ரிப்போர்ட் வந்து சேருவதற்குள், அவரவர் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு விசாரிப்பது எங்கள் ஆபீஸ் பழக்கம். யார் வீட்டில் தண்ணீர் புகுந்தது என்று கேட்டுச் சந்தோஷப்படும் ஆபீஸ் வேறு எங்கும் இருக்காது. நான் இருப்பது ஹெப்பகோடி. என் வீட்டுக்குள்ளேயே கணுக்கால் அளவு. அட்டெண்டர் அக்காவுக்கு அடுகோடி. சந்தில் ஸ்கூட்டர் அடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்.

"நல்ல மழைங்க மேடம்" என்றேன்.

மேடம் என்னோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "உன் மழையும் வேஸ்ட், அக்கா மழையும் வேஸ்ட்" என்றார். "பீன்யாவுல யாராவது இருக்காங்களா?"

என் மச்சான் பீன்யாவில் லேத் பட்டறையில் இருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அங்க மழையாடா?"

"மழையா? தூசி பறக்குது மாமா. ஏன், லீவு விடப் போறாங்களா?"

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பெங்களூருக்கு நடுவே ஒரு மேடு போகிறது. அதற்கு மேற்கே, பீன்யா பக்கம் விழுந்தால் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போய் பிலிகுண்டுலுவில் கணக்கில் ஏறும். கிழக்கே, என் வீடும் அக்கா வீடும் இருக்கிற பக்கம் விழுந்தால், ஏரி ஏரியாக இறங்கி, ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணையாகிவிடும். மேட்டின் மேலேயே வீடு இருந்தால், கூரையின் ஒரு சரிவு காவிரி, இன்னொரு சரிவு பெண்ணை.

"அதுவும் தமிழ்நாட்டுக்குத்தானே மேடம் போவுது?" என்று அக்கா கேட்டார்.

"போவுது. இந்தக் கணக்குல போகல."

"தண்ணிக்குத் தெரியுமா, எந்தக் கணக்குன்னு?"

"தண்ணிக்குத் தெரியும். நம்ம பெரிய சாருக்குத்தான் இன்னைக்கு மறந்துபோகும்."

அப்படியே ஆயிற்று. பெரிய சார் வீடு இந்திரா நகரில், அதுவும் மேட்டுக்குக் கிழக்கே. பேஸ்மென்டில் அவர் கார் முக்கால்வாசி முழுகியிருந்தது. ஆட்டோவில் வந்து இறங்கியவர், பேன்ட்டை மடித்துவிட்டபடியே மேடத்தைக் கூப்பிட்டார்.

"இவ்வளவு மழை பெஞ்சிருக்கு. எல்லாம் பிலிகுண்டுலுவுக்குத்தானே போகும்? அணையில குறைச்சிடுங்க. எதுக்கு வீணா விடணும்?"

"சார், மழை எல்லாம் மேட்டுக்குக் கிழக்கே பெஞ்சது. காவிரிக்கு ஒரு சொட்டு வராது. குறைச்சா மூணு நாள் கழிச்சுக் கணக்குல பள்ளம் விழும்."

"என் கார் மிதக்குதும்மா."

"கார் பெண்ணையில மிதக்குது சார்."

சார் மடித்த பேன்ட்டை இறக்கிவிட ஆரம்பித்தார். அந்த மேட்டைப் பற்றி மேடத்துக்கே பாடம் எடுத்தவர் அவர்தான் என்று அக்கா பிறகு சொன்னார். கார் முழுகினால் படித்தது நிற்காது போலிருக்கிறது.

"போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுங்க" என்றார் சார். "குறைக்க வேண்டாம்னு நீங்க எழுதி, அங்க தண்ணி அதிகமா வந்துச்சுன்னா, கிருஷ்ணா."

மைசூர் ரோட்டில் கெங்கேரிவரைக்கும் போனோம். விருஷபாவதி எப்போதும்போலக் கறுப்பாக, ஊரின் கழிவை இழுத்துக்கொண்டு போனது. வெள்ளம் வந்திருந்தால் கரைப் புதரில் பிளாஸ்டிக் பை புதிதாக மாட்டியிருக்கும் என்று மேடம் சொன்னார். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தோம். மாட்டியிருந்ததெல்லாம் பழைய பை. வெயிலில் நைந்து நூலாகத் தொங்கியது. மேடம் போட்டோ எடுத்தார். வழியில் போன ஒருவர் எதையாவது தவறவிட்டுவிட்டீர்களா என்று விசாரித்தார்.

ஆபீசுக்குத் திரும்பினபோது மழைமானி ரிப்போர்ட்டும் வந்திருந்தது. மேற்கே தூறல்கூட இல்லை. மேடம் குறைக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாரும் அதை அப்படியே மேலே அனுப்பினார்.

அதன் பிறகு மூன்று நாள். நான் வாழ்நாளில் மழைக்காக வேண்டியிருக்கிறேன், மழை நிற்க வேண்டும் என்றும் வேண்டியிருக்கிறேன். பஞ்ச வருஷத்தில், மேட்டுக்கு மேற்கே மட்டும் பெய்யக் கூடாது என்று வேண்டியது அப்போதுதான். இதைக் கேட்டால் எந்தச் சாமி என்ன நினைக்கும் என்பது தனிக் கவலை. இரண்டாம் நாள் சாயங்காலம் ராமநகரப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் மொட்டைமாடியில் நின்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க என்னாத்த பாக்குறீங்க?" என்றாள் என் மனைவி. "வீட்டுக்குள்ள சேறு அப்படியே கெடக்குது."

"அது பெண்ணைச் சேறு" என்றேன். அவள் துடைப்பத்தை என் கையில் திணித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் பிலிகுண்டுலு அளவு வந்தது. கமிட்டி சொன்னதைவிட ஒரு நூல் அதிகம். சார் சொன்னபடி குறைத்திருந்தால் கண்டிப்பாகப் பற்றாக்குறை. மேடம் ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தார்.

பெரிய சார் அந்த எண்ணைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"ஒரு நூல் ஏன் அதிகம்?" என்றார்.

"நேத்து ராமநகரத்துல லேசாத் தூறிச்சு சார்."

"அது மேற்குதானே?"

"மேற்கு சார்."

அவர் தலையாட்டினார். மாற்றல் பேச்சு அதோடு நின்றது. மன்னிப்பு, பாராட்டு இரண்டும் இல்லை. கார் சர்வீஸ் சென்டரிலிருந்து இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

"சரி, நாளைக்கு எவ்வளவு விடலாம்?"

மேடம் சொல்ல ஆரம்பித்தார். மேடம் கிருஷ்ணாவுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை என்ற நிம்மதியில் நான் வெளியே வந்து ஒரு டீ சொன்னேன். பாதி குடிக்கும்போது நினைவு வந்தது. நேற்றும் முந்தாநாளும் திறந்த தண்ணீர் இன்னும் ஆற்றில் வந்துகொண்டிருக்கிறது. அதற்கும் மேடம்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். மீதி டீயை அக்காவிடம் கொடுத்துவிட்டு, மேற்கே வானம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.