தையல்காரர் பிடித்த பிழை

ஹதீஸ் டீச்சருக்கு வாய் ஓயாது. மதரஸாவில் பெண் பிள்ளைகளுக்கு அரபி நடத்திவிட்டு வந்தால் நேரே கணவரின் தையல்கடைக்குப் போய்விடுவார். வெட்டுமேசையின் ஒரு மூலையில் தாள்களைப் பரப்பி, தான் அரபியிலிருந்து தமிழாக்கியதைச் சத்தமாக வாசிப்பார். எதிரே மெஷின் கடகடக்கும். தையல்காரருக்கு அரபியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் காது இருக்கிறதே, பதினெட்டு வருஷமாக அது சும்மா இருக்கவில்லை.

ஹதீஸ் என்கிற நபிமொழிக்கு முன்னால் அதைச் சொன்னவர்களின் வரிசை வரும். கடைசியாகக் கேட்டவரிலிருந்து மேலே ஏறும். தமிழில் வினை கடைசியில் வந்து நிற்பதால், அதை ஒரே வாக்கியமாக்கினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டிவிடும். டீச்சர் அதை உடைத்து, "எங்களுக்கு இன்னார் அறிவித்தார்; அவருக்கு இன்னார் அறிவித்தார்" என்று எழுதுவார். எழுத்தில் விட்டுப்போயிருக்கும் "கூறினார்" என்பதையும் சேர்த்துக்கொள்வார். "இன்னாரிடமிருந்து" என்று மட்டும் அரபியில் இருந்தால் "இன்னார் வழியாக" என்றுதான் போடுவார். நேரில் கேட்டதாக மாற்ற மாட்டார். நேரில் கேட்டாரா இல்லையா என்பதில்தான் ஆய்வாளர்களுக்குச் சண்டையே.

இப்போது அவர் கையில் இருந்தது ஒரு பெரிய நபிமொழி நூலின் முதல் தொகுதி. பதிப்பகம் இதற்கு முன் ஒரு பெண்ணிடம் இந்த வேலையைக் கொடுத்ததில்லை. "இது சுத்தமா வந்தாத்தான் ரெண்டாவது தொகுதி" என்று சொல்லியே கொடுத்திருந்தார்கள். காலையில் கடைசிப் பகுதியையும் அனுப்பியாயிற்று. நாளை அச்சுக்குப் போகிறது. அந்த நிம்மதியில் டீச்சர் அதையே இன்னொரு தடவை கணவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

தொழிலால் பேர் பெற்ற அறிவிப்பாளர்கள் அந்தத் தொடரில் இருந்தார்கள்.

"...அவருக்குப் பஞ்சு வியாபாரி அறிவித்தார். அவருக்குக் குதிரைக்காரர் அறிவித்தார். அவருக்கு நெசவாளர் அறிவித்தார். அவர் எண்ணெய் வியாபாரி வழியாக..."

மெஷின் நின்றது.

"ஏம்மா, பஞ்சு வியாபாரியும் நெசவாளரும் கூட்டாளிங்கதானே? ரெண்டு பேரும் எண்ணெய்க்காரர்கிட்ட ஒண்ணாப் படிச்சவங்கன்னு போன மாசம் நீதான் சொன்ன."

"ஆமா, அதுக்கென்ன?"

"நெசவாளருக்குச் சின்னவர் குதிரைக்காரர்னும் சொன்ன. கூட படிச்சவர்கிட்ட நேரா கேட்காம, அவரோட சிஷ்யப்பிள்ளைகிட்டயா பஞ்சு வியாபாரி போய்க் கேட்டாரு? நான் பக்கத்துக் கடைக்காரர்கிட்ட பேசணும்னா அவர் பேரனையா தேடிப் போவேன்?"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் சின்னவரிடம் கேட்பதுண்டு என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் பையிலிருந்து மூல நூலை எடுத்தார். வேலை செய்தது நகல் தாளில்தான். மூலத்தில், பஞ்சு வியாபாரியின் பெயருக்குப் பின், வரியின் ஓரத்தில், தனியாக ஒற்றை எழுத்து நின்றது. "ஹா". ஒரு தொடரை நிறுத்திவிட்டு நூலாசிரியர் இன்னொரு தொடரைத் தொடங்குகிறார் என்பதற்கான அடையாளம். நகலெடுத்தபோது ஓரம் வெட்டுப்பட்டு அந்த எழுத்து போய்விட்டது. குதிரைக்காரர் பஞ்சு வியாபாரிக்குச் சொன்னவரே அல்ல. அவர் நூலாசிரியருடைய ஆசிரியர். இரண்டு தொடர்களும் எண்ணெய்க்காரரிடம் சேருகின்றன. பஞ்சு வியாபாரி இறந்த பிறகுதான் குதிரைக்காரரே பிறந்தார்.

டீச்சர் மூல நூலை மூடினார். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? சொன்னால், இரண்டாவது தொகுதி கைவிட்டுப் போகலாம். ஆசையாகத்தான் இருந்தது அவருக்கு, அந்த இரண்டாவது தொகுதி.

"என்னம்மா, நான் ஏதாவது உளறிட்டேனா?"

"நீங்க உளறலைங்க. நான்தான்."

அங்கேயே போனை எடுத்து, பதிப்பகத்தில் சரிபார்க்கும் மார்க்க அறிஞரான ஹஸ்ரத்தைக் கூப்பிட்டார்.

"ஹஸ்ரத், ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான். தொடர் மாறுற இடத்தை விட்டுட்டேன். 'மற்றொரு தொடரில், எங்களுக்குக் குதிரைக்காரர் அறிவித்தார்'னு பிரிக்கணும். நகல்ல செஞ்ச மத்த பக்கத்தையெல்லாம் மூலத்தோட வெச்சுப் பார்க்கணும், ரெண்டு நாள் வேணும்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் மட்டும் வந்தது. டீச்சர் துணித்துண்டு ஒன்றைக் கசக்கிப் பந்தாக்கிவிட்டார்.

"நானும் ரெண்டு தடவை பார்த்தேனே, என் கண்ணுலயும் படலையே," என்றார் ஹஸ்ரத். "நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.

"இல்ல ஹஸ்ரத். என் வீட்டுக்காரர் சொன்னார். நான் அவர் வாயால நேர்ல கேட்டேன்."

"அவர் எந்த மதரஸால ஓதினவர்?"

"ஓதலை ஹஸ்ரத். தையல்காரர்."

ஹஸ்ரத்தின் குரலில் சிரிப்பு கேட்டது.

"ரெண்டு நாள் எடுத்துக்கோங்க. ரெண்டாவது தொகுதியோட மூலத்தை நாளைக்கே கடைக்கு அனுப்பறேன். நகல் வேண்டாம், புஸ்தகமாவே வரும். யார்கிட்ட கேட்டோம்ங்கறதை மறைக்காம சொல்ற ஆளைத்தானேம்மா நாங்க தேடிக்கிட்டிருக்கோம்."

டீச்சர் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனசு நிறைந்திருந்தது.

"என்னவாம்?" என்றார் தையல்காரர், தைத்தபடியே.

"ரெண்டாவது தொகுதி வருதாம். ஆயிரத்துச் சொச்சம் தொடர்."

"ஐயோ," என்றார் அவர், மெஷினை நிறுத்தி. "சரி, முதல்ல விட்ட இடத்துலேர்ந்து வாசி. எண்ணெய்க்காரருக்கு யார் சொன்னாங்க?"